வெந்நீர்க் குழாயில் மட்டும் பழுப்புத் தண்ணீர்: என் கீசர் அனுபவம்

புது கீசர் வாங்கப்போகும் நண்பர், என் வீட்டில் இருப்பது எப்படி என்று கேட்டார். பழுது பார்த்து மாட்டிய கையோடு எழுதுவதால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

15 லிட்டர் கீசர். உள்ளே கிளாஸ் லைனிங் பூசிய இரும்பு டேங்க். சூடேறும் வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் போட்டு அணைத்தால் மதியம் வரை வெதுவெதுப்பு நிற்கும்.

ஆனால் சில வாரங்களாக வெந்நீர் மட்டும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. வாளியின் அடியில் பழுப்புச் செதில்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயில் பளிச்சென்று வருகிறது. இரண்டுக்கும் மாடியில் இருக்கிற தொட்டி ஒன்றுதான். "போர் தண்ணீரில் இரும்பு இருக்கும் சார்" என்றார் பிளம்பர். அதுவும் நடக்கக்கூடியதுதான். கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது, சூடானால் பழுப்பாகும். அதனால் பச்சைத் தண்ணீரைப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, மறுநாள் வரை அப்படியே வைத்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அப்புறம் கீசரின் அவுட்லெட் ஹோஸைக் கழற்றி அங்கேயே பிடித்தோம். அதே பழுப்பு. ஆக, தண்ணீரிலும் கோளாறு இல்லை, சுவருக்குள் போகும் பைப்பிலும் இல்லை.

மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றினார். காயிலில் வெள்ளையாக உப்பு. அதன் பக்கத்தில் விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய மெக்னீசியம் ராடு கரைந்துபோய், நடுவிலிருக்கும் கம்பி மட்டும் மிச்சம். லைனிங்கில் நுண்ணிய விரிசல் விழுந்தாலும் இரும்பு அரிக்காமல் இருப்பதற்காக, தான் முதலில் அரிபடுவதுதான் அந்த ராடின் வேலை. அது தீர்ந்தபின் டேங்க் துருப்பிடித்து உதிர்கிறது. செதில்களில் வினிகர் விட்டேன். வெள்ளைத் துண்டுகள் நுரைத்தன, அவை உப்பு. பழுப்பு அசையவே இல்லை, அது துரு.

என் ஆத்திரமெல்லாம் இதில்தான்: வருடாவருடம் சர்வீஸுக்கு வந்தார்கள், காயிலைச் சுரண்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். ராடைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய பொருள் அது. டேங்க் விலையோடு ஒப்பிட்டால் ராடு விலை ஒன்றுமே இல்லை.

புது ராடும் புது காஸ்கெட்டும் போட்டு, டேங்கை அலசிவிட்டார்கள். இப்போது தண்ணீர் தெளிவு. ஆனாலும் லைனிங் போன இடம் திரும்ப வராது. அரிப்பு குறையும், அவ்வளவுதான். அடியில் கசிவு தொடங்கினால் டேங்கையே மாற்ற வேண்டும்.

நல்லா சூடாக்குகிற கீசர்தான். ஆனாலும் நண்பரிடம் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். எதை வாங்கினாலும், அந்த மாடலுக்கு ராடு தனியாகக் கிடைக்குமா, சர்வீஸில் கழற்றிக் காட்டுவார்களா என்று கடையிலேயே கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.