டெக்கலோடு இரண்டு வருடம்: தூண் முனையில் ஓட்டை ஏன் இழுபடுகிறது

சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். வேலை முடிந்து வந்த பிறகு, பழைய ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளை வைத்துச் சின்னதாக ஒரு சுடும் கேம் செய்துகொண்டிருக்கிறேன், கோடோ 4 கேம் இன்ஜினில். சுவரில் குண்டு ஓட்டைப் படத்தை ஒட்ட அதிலுள்ள டெக்கல் நோடை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். பிடித்திருக்கிறதா என்றால் பிடித்திருக்கிறது, ஆனால் அது என்ன செய்கிறது என்று புரிகிற வரைக்கும் நன்றாகப் படுத்தியது.

டெக்கல் என்பது ஒரு பெட்டி. பெட்டிக்குள் எந்தப் பரப்பு வந்தாலும் படம் மேலிருந்து கீழாக, பெட்டியின் Y அச்சு வழியே அதன் மேல் விழுகிறது. பரப்பு அந்த அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் படம் அப்படியே விழும். சாய்ந்தால் இழுபடும்: 60 டிகிரி சாய்வில் இரண்டு மடங்கு, 75 டிகிரியில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. முதல் இரண்டு மாதம் நான் பெட்டியைக் குண்டு வந்த திசையில் திருப்பி வைத்திருந்தேன். ஓரமாக நின்று சுவரைச் சுட்டால் ஓட்டை வாழைப்பழம் மாதிரி நீண்டது. பெட்டியைக் குண்டின் திசைக்கு அல்ல, பட்ட இடத்துப் பரப்பின் நார்மலுக்கு, அதாவது பரப்புக்குச் செங்குத்தான திசைக்குத் திருப்ப வேண்டும்:

```gdscript
var y = hit.normal
var r = Vector3.UP if abs(y.y) < 0.99 else Vector3.RIGHT
var x = r.cross(y).normalized()
var z = x.cross(y)
decal.global_basis = Basis(x, y, z).rotated(y, randf() * TAU)
```

இரண்டாவது வரியில் எப்போதும் `Vector3.UP` என்றே வைத்தால் தரையில் சுடும்போது பெட்டி குழம்பிப்போகும். கடைசி வரியில் இருக்கும் சுழற்சி, எல்லா ஓட்டையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரியாமலிருக்க.

நெளிவுத் தகரம்தான் தொல்லை கொடுக்கும் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை, அதன் நெளிவில் சாய்வு அவ்வளவு அதிகமில்லை. தொல்லை கொடுத்தது லயன் வீட்டு வாசலின் மரத்தூண். தம்பிதான் விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அண்ணே, ஓட்டையிலிருந்து தார் வடியுற மாதிரி இருக்கு."

தூண் 12 சென்டிமீட்டர் சதுரம், ஓட்டைப் படம் 10 சென்டிமீட்டர், பெட்டியின் ஆழம் 20. குண்டு, தூணின் இரண்டு முகம் சேரும் முனைக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே பட்டால், படத்தின் 4 சென்டிமீட்டர் முனையைத் தாண்டித் தொங்குகிறது. தூணின் பக்கவாட்டு முகமோ படம் விழும் திசைக்கு இணை. ஆக, படத்தின் ஒரே ஒரு பிக்சல் வரிசை அந்த முகத்தில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடுகோடாக இழுபடுகிறது. அதுதான் தம்பி பார்த்த தார்.

முதல் மருந்து, சாய்ந்த பரப்பில் படத்தை மங்கவைக்கும் `normal_fade`. 0.5 வைத்தேன், பக்கவாட்டு முகத்தில் படம் முழுதாக மறைந்தது. பலகைச் சுவரின் மறுபக்கம் ஓட்டை தெரிவதும் அதோடு நின்றது. ஆனால் முனையில் ஓட்டை கத்தியால் வெட்டியது போல் பாதியில் நிற்கும். சின்ன ஓட்டைக்குப் பரவாயில்லை, சிராய் தெறித்த படத்துக்கு அசிங்கம்.

அப்புறம், பட்ட இடத்தைச் சுற்றி நாலு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சாய்வாக நாலு கதிர் விட்டுப் பார்த்தேன். முனையில் ஒன்று மட்டும் பக்கவாட்டு முகத்தில் படும். எல்லா நார்மலையும் சராசரி எடுத்தது என் முட்டாள்தனம்: முதல் கதிரோடு சேர்த்து நாலு முன்பக்கம், ஒன்றுதான் பக்கவாட்டு, பெட்டி வெறும் 14 டிகிரி திரும்பியது. இப்போது, ஏதாவது ஒரு நார்மல் 60 டிகிரிக்கு மேல் விலகினால், அதையும் முதல் நார்மலையும் மட்டும் கூட்டி அந்தத் திசையில் வைக்கிறேன். பெட்டி 45 டிகிரி திரும்புகிறது, இரண்டு முகத்திலும் இழுப்பு 1.4 மடங்குதான். ஃபேடால் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் ஓட்டை முனையைச் சுற்றி மடிந்து உட்காரும். தம்பிக்கு அதன் பிறகு தார் தெரியவில்லை.

குறை இல்லாமலில்லை. இயல்பாக, ஒரே நேரத்தில் கேமராவில் தெரியும் விளக்கு, டெக்கல் எல்லாம் சேர்த்து 512-க்குள் அடங்க வேண்டும், அதனால் 128 ஓட்டையோடு நிறுத்திப் பழையதை எடுத்துப் புதிய இடத்தில் வைக்கிறேன். கதவில் பட்டால் டெக்கலைக் கதவுக்கே பிள்ளையாக்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறக்கும், ஓட்டை காற்றில் நிற்கும். 4.3-இல், பழைய கணினிகளுக்கான கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரில் டெக்கல் வரவே வராது. நண்பனின் பழைய லேப்டாப்பில் சுவரெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது.

அழுக்குக்கும் இதையே நம்பினேன். சுவர் அடியில் செம்மண் தெறித்த கறைக்கு அருமை. பால் மரத்தைச் சுற்றி வரும் சேற்று வளையத்துக்கு மட்டும் சரிப்படவில்லை, மூன்று டெக்கல் சுற்றி வைத்தாலும் சேரும் இடம் காட்டிக்கொடுத்தது. அதை மரத்தின் ஷேடரிலேயே, தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை உயரம் பார்த்துக் கலக்கும்படி எழுதிவிட்டேன். அங்கே படம் விழுவதே இல்லை, இழுபடுவதற்கும் ஒன்றுமில்லை.