முன்பதிவை நீங்களே ரத்து செய்துவிடாதீர்கள்: ஒரு ஹோம்ஸ்டேயில் நாங்கள் பட்ட பாடு

மூன்று இரவுகளுக்குப் பணம் கட்டிவிட்டு ஒரே ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையிலேயே பெட்டிகளோடு வெளியேறி வந்தோம். நான், மனைவி, முழங்கால் வலியுள்ள என் அம்மா, எட்டு வயது மகள் என நான்கு பேர். கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, ஒரு பகுதி வரவேயில்லை. எது வந்தது, எது வராமல் போனது, ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். ‘முக்கியச் சாலையிலிருந்து ஐந்து நிமிட நடை’ என்று விளம்பரத்தில் இருந்தது. பல பதிவுத் தளங்கள் பணம் கட்டும்வரை சரியான முகவரியைக் காட்டுவதில்லை. வரைபடத்தில் ஒரு வட்டத்தைத்தான் காட்டும். அந்த வட்டம் சாலையை ஒட்டி இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். வீடு உண்மையிலேயே சாலைக்கு மிக அருகில்தான், ஆனால் சாலைக்கு மேலே இருந்தது. வண்டி கீழேயே நின்றுவிட்டது. மகள் ஏறிக்கொண்டே எண்ணினாள்: 112 படிகள், பாதி தூரத்துக்குக் கைப்பிடி கிடையாது. அம்மா நான்கு இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வரைபடம் தூரத்தைக் காட்டுமே தவிர ஏற்றத்தைக் காட்டாது. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் “எவ்வளவு தூரம்?” என்று கேட்காதீர்கள், “வாகனம் வாசல் வரை வருமா? வராவிட்டால் எத்தனை படிகள்?” என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். நான் தொலைபேசியில்தான் கேட்டேன். “அம்மாவுக்கு ஒரு சிரமமும் இருக்காது சார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் வீட்டுக்காரர். அந்தப் பேச்சுக்கு இப்போது எந்தச் சான்றும் இல்லை.

மூச்சு வாங்க வாசலில் நிற்கும்போதுதான் கட்டணங்கள் வெளியே வந்தன. தொகையைச் சொல்வதைவிட விகிதத்தைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஓர் இரவு வாடகை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவுக்கு 300. தளத்தில் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் துப்புரவுக் கட்டணமாக 60 சேர்ந்தது. இது இரவுக் கணக்கில் வருவதல்ல, ஒரு தங்கலுக்கு ஒருமுறை வாங்குவது. அதனால் குறைந்த நாள் தங்குபவருக்குத்தான் கனமாக விழும். மூன்று இரவுக்கு இரவொன்றுக்கு 20 என்று வருவது, ஒரே இரவு தங்கினால் முழு 60 ஆகிவிடும். இதுவரை நான் தெரிந்தே கட்டியது. வாசலில் கேட்டது வேறு: இரண்டு பேருக்கு மேல் ஆளுக்கு இரவுக்கு 20, ஆக இரண்டு பேருக்கு மூன்று இரவும் சேர்த்து 120. ஹீட்டருக்கு இரவுக்கு 15, ஆக 45. மொத்தம் 165, ரொக்கமாக, உடனே. முந்நூறு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த தங்கலின் விலை 525 ஆகிவிட்டது.

கூடுதல் ஆள் விஷயத்தில் என் தவறும் உண்டு. தேடும்போது ஆட்களின் எண்ணிக்கையை மாற்றாமல் விட்டுவிட்டேன். தளம் இரண்டு பேருக்கான விலையைக் காட்டியது. நான்கு என்று போட்டுத் தேடியிருந்தால், கூடுதல் கட்டணத்தை முறையாகப் பதிந்திருக்கும் வீடு என்றால், அது அப்போதே மொத்தத்தில் சேர்ந்து தெரிந்திருக்கும். ஹீட்டர் கட்டணம் அப்படியல்ல. வசதிகளின் பட்டியலில் ‘ஹீட்டர் உண்டு’ என்று இருந்தது. தனிக் கட்டணம் என்ற சொல்லே எங்கும் இல்லை. குளிரில் அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

இனி சுத்தம். அறைக்குள் நுழைந்ததும் வாசனைத் திரவத்தின் நெடி தூக்கலாக அடித்தது. விரிப்பு வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலை மகள் கையைச் சொறிந்துகொண்டே எழுந்தாள். முழங்கைக்குக் கீழே வரிசையாக நான்கு தடிப்புகள். கடித்த தடம் மட்டும் எதையும் நிரூபிக்காது. கொசுவாகவும் இருக்கலாம், சிலருக்கு மூட்டைப்பூச்சி கடித்தாலும் தடமே விழாது. அதனால் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையின் மூலையைத் தூக்கினேன். தையல் ஓரம் நெடுக, பேனா முனையால் குத்தியது போலக் கரும்புள்ளிகள். ஈரத் துணியால் தொட்டேன். துருப்பிடித்த செந்நிறத்தில் இழுபட்டது. அது பூச்சி செரித்துப் போட்ட இரத்தம். பக்கத்திலேயே வெளிர்பழுப்பில், கண்ணாடி போன்ற உரித்த தோல்கள். கட்டிலின் தலைப்பலகை இடுக்கில் ஆப்பிள் விதை அளவில் உயிரோடு ஒன்று.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். அதை நான் காலையில் செய்தேன். செய்ய வேண்டியது வந்தவுடன், பெட்டியைத் திறப்பதற்கு முன். அதுவரை பெட்டிகளைக் கட்டில் மேலோ தரைவிரிப்பிலோ வைக்காமல், குளியலறையின் ஓட்டுத் தரையில் வையுங்கள். பூச்சி ஒளிந்துகொள்ள அங்கே இடம் குறைவு. நாங்கள் வீடு திரும்பியதும் துணிகளையெல்லாம் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோம். அந்தச் சூட்டில் முட்டையும் சாகும். பெட்டிகளின் தையல்களைப் பலமுறை சோதித்தோம். அந்தக் கவலை பல வாரங்கள் நீடித்தது.

வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினேன். வாசலில் அவ்வளவு இனிமையாகப் பேசியவரின் முகம் மாறியது. “நீங்கள் கொண்டுவந்ததாக இருக்கும்” என்றார். ஒரே இரவில் அத்தனை புள்ளிகளும் உரித்த தோல்களும் சேர வாய்ப்பே இல்லை என்று சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டு, நான் எல்லோரையும் எச்சரிக்க விரும்பும் அந்த யோசனையைச் சொன்னார்: “பிரச்சினை வேண்டாம் சார். மீதி இரண்டு நாளை நீங்களே தளத்தில் ரத்து செய்துவிடுங்கள். பணத்தை நான் கையில் தந்துவிடுகிறேன்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. விரல் அந்தப் பொத்தான் வரை போய்விட்டது. மனைவிதான் தடுத்தாள். விருந்தினர் ரத்து செய்தால் அந்த வீட்டின் ரத்து விதி அப்படியே பொருந்தும். தங்கல் தொடங்கிய பிறகு என்றால் ஒன்றும் திரும்பாமலே போகலாம். ‘விருந்தினர் தன் விருப்பத்தில் கிளம்பினார்’ என்று கணக்கில் ஏறிவிடும். கையில் தருகிறேன் என்றவர் தராவிட்டால் தளத்திடம் முறையிட வழியே இல்லாமல் போகும்.

அதனால் ரத்து செய்யாமல், புள்ளிகள், தோல்கள், உயிருள்ள பூச்சி, மகளின் கை, கட்டில் முழுவதும் தெரியும் அறை எனப் படங்கள் எடுத்தேன். அவற்றைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வீட்டுக்காரருக்கு அனுப்பி, “இதற்கு என்ன தீர்வு தருகிறீர்கள்?” என்று எழுதினேன். பிறகு, அந்த அறையில் இருந்தபடியே தளத்தின் உதவி எண்ணை அழைத்தேன். இத்தகைய புகார்களுக்குக் காலக்கெடு உண்டு; ஊர் திரும்பி நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்தால் தாண்டிவிடும். அவர்கள் கேட்டது இரண்டே: படங்கள் இருக்கின்றனவா, வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா.

தங்காத இரண்டு இரவின் வாடகையும் துப்புரவுக் கட்டணமும், அதாவது 260, திரும்பி வந்தன. ரொக்கமாகக் கொடுத்த 165 வரவில்லை. தளத்தின் கணக்கில் அப்படி ஒரு பணம் கைமாறவே இல்லை. வீட்டுக்காரரும் வாங்கவில்லை என்று எழுதிவிட்டார். வாசலில் கேட்டபோது, “தளம் வழியாகக் கோரிக்கை அனுப்புங்கள், அங்கேயே கட்டுகிறேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கே கேட்டிருந்தால் அதற்கு எழுத்தில் சான்றாவது இருந்திருக்கும்.

அந்த வீட்டின் பழைய மதிப்புரைகளைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர், ‘கொஞ்சம் படிகள் உண்டு, ஆனால் காட்சி அருமை’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், ‘குழந்தைகளுக்குக் கொசுக்கடி, மற்றபடி நல்ல இடம்’ என்கிறார். சிரித்துப் பேசியவரைப் புண்படுத்த வேண்டாம் என்று இருவரும் மென்மையாக எழுதிவிட்டார்கள். என் மதிப்புரையில் 112 படிகள் என்று எண்ணையே எழுதினேன். கூடுதலாக வாங்கிய இரண்டு கட்டணங்களையும் பெயர் சொல்லி எழுதினேன். மெத்தைத் தையலின் படத்தையும் இணைத்தேன்.