ஃபிளஷ் என்று பில், உள்ளே வெறும் டொப்-அப்: பழைய வேன் வாங்கியவர்கள் கவனிக்கவும்

போன வருடம் கைமாறிய ஜப்பான் வேன் ஒன்றை வாங்கினேன். ரேடியேட்டரில் முன்பு என்ன கூலன்ட் ஊற்றியிருந்தார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை. நிறம் மங்கிய சிவப்பு. ஹட்டனில் ஒரு கராஜில் கொடுத்து, முழுசாகக் கழுவி மாற்றச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, பச்சையே போட்டுடலாம்" என்றார் பாஸ். பில்லில் 'ஃபிளஷ்' என்று எழுதிக் காசும் வாங்கினார்.

மூன்று மாதம் கழித்து ரம்பொடை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போனது. அதற்கு முன்பே ஹீட்டரில் சூடு குறைந்திருந்தது. குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டேன், அதுதான் முதல் அறிகுறி. இன்னொரு பாஸ் எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறச் சேறு.

பழைய பில்லை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். என் வண்டிக்கு மொத்தம் 6 லீட்டர் பிடிக்கும். வாங்கியதோ, தண்ணீர் கலந்தே வரும் 2 லீட்டர் போத்தல் ஒன்று. அதை வைத்து 6 லீட்டரை எப்படி மாற்றுவது? இருந்ததன் மேலேயே ஊற்றியிருக்கிறார்.

நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனி சேர்க்கும் சாயம் மட்டும்தான். முக்கியம் உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்து. ஜப்பான் வண்டிகளுக்குப் பொதுவாகப் பொஸ்பேட் சேர்ந்த, சிலிகேட் இல்லாத வகை; பழைய பச்சை வகைகள் பலவற்றில் சிலிகேட் இருக்கும். எல்லாக் கலவையும் கட்டிபடாது. ஆனால் சிலவற்றில் மருந்து பிரிந்து படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். கட்டிபடாவிட்டாலும் துருத்தடுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கூலன்ட் டாங்கியில் ஒரு கப் அளவு குறைந்து, திரவம் தெளிவாக இருந்தால் பெட்டரிக்கு விடும் வடிநீர் போதும். வகை தெரியாமல் லீட்டர் கணக்கில் குறைந்திருந்தாலோ, கலங்கியிருந்தாலோ, யாராவது ஏற்கெனவே கலந்திருந்தாலோ முழுக் கழுவல்தான் நல்லது. குறைந்ததற்கு ஒழுக்கு காரணமா என்றும் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு தடவை வடித்தால் போதாது. என் வண்டியில் 3.5 லீட்டர்தான் வெளியே வந்தது, மீதி 2.5 எஞ்சினிலும் ஹீட்டரிலும் தங்கியது. வடிநீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தேர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவைத்து, மறுபடி வடிக்க வேண்டும். மூன்றாவது வடிப்போடு பழையது சுமார் 7 சதவீதமாகிவிடும். எனக்குச் சேறு இருந்ததால் ஐந்து தடவை வடித்தோம்.

கடைசியில் இன்னொரு விஷயம். உள்ளே 2.5 லீட்டர் வெறும் தண்ணீர் நிற்கும்போது தண்ணீர் கலந்தே வரும் கூலன்ட் ஊற்றினால் மிகவும் நீர்த்துவிடும். ஆகவே 3 லீட்டர் கலக்காத கூலன்ட் ஊற்றி, மேலே அரை லீட்டர் வடிநீர் விட்டு, காற்றை வெளியேற்றினோம். அப்போதுதான் பாதிக்குப் பாதி வந்தது.

ஹீட்டர் மீண்டும் சூடாக வருகிறது. ரேடியேட்டரில் மட்டும் நாலைந்து குழாய்கள் அடைத்தபடியே இருக்கின்றன, அதை மாற்றத்தான் வேண்டும். இந்த பாஸ், ஊற்றிய வகையையும் தேதியையும் எழுதி பொனட்டின் உள்ளே ஒட்டிவிட்டார்.