சுருக்கிய இறக்கையா, மெல்லிய தகடா, ஒட்டிய நூலா?

ஓர் இலகு விமானத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பறக்கவிட விரும்புபவருக்கு இறக்கை விஷயத்தில் மூன்று வழிகள் உள்ளன. மூலத்தின் தடித்த குறுக்குவெட்டையே அப்படியே சுருக்கலாம். அதைக் கைவிட்டு வளைந்த மெல்லிய தகடு போன்ற இறக்கையை அமைக்கலாம். தடித்த இறக்கையை வைத்துக்கொண்டே அதன் மேற்பரப்பில் ஒரு நூலை ஒட்டலாம். முதல் வழிதான் இயல்பானதாகத் தோன்றும். ஏமாற்றுவதும் அதுவே.

காரணத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். மூல விமானத்தின் இறக்கை, உடலை ஒட்டிய இடத்தில் 1.5 மீட்டர் அகலமும் நுனியில் 0.9 மீட்டர் அகலமும் கொண்டது என்றும், அது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் தரையிறங்க வருகிறது என்றும் கொள்வோம். எல்லா அளவும் பத்தில் ஒன்றாகும்போது பரப்பு நூறில் ஒன்றாகவும் எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைவதால், மாதிரிக்கு நொடிக்கு ஒன்பதரை மீட்டர் வேகமே போதும். வேகத்தை இறக்கையின் அகலத்தால் பெருக்கி, காற்றின் பாகுநிலையைக் குறிக்கும் 0.000015 என்ற எண்ணால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். மூல விமானத்தின் உடலருகே அது 30 லட்சம். மாதிரியில் அதே இடத்தில் 95,000. மாதிரியின் நுனியில் வெறும் 57,000.

இந்த எண் சிறுத்தால் காற்றின் பிசுபிசுப்பு ஓங்குகிறது. பெரிய இறக்கையில் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் சீக்கிரமே கொந்தளிப்பாக மாறி, மேலே வேகமாகச் செல்லும் காற்றிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொள்வதால், முதுகின் உச்சியைத் தாண்டி அழுத்தம் ஏறும் சரிவிலும் பரப்பை விடாமல் பின்விளிம்பு வரை செல்கிறது. மாதிரியில் அந்தப் படலம் கொந்தளிக்காமல் சீராகவே நழுவுகிறது. பார்க்க அழகான ஓட்டம்தான், ஆனால் அதில் தெம்பில்லை. சரிவு தொடங்கியதும் பரப்பைவிட்டு விலகிவிடுகிறது. ரெனால்ட்ஸ் எண் போதிய அளவு இருந்தால், விலகிய ஓட்டம் கொந்தளித்து மீண்டும் வந்து ஒட்டும். இல்லையெனில் ஒட்டுவதே இல்லை, தூக்குவிசை சரிந்து இழுவை திடீரென ஏறுகிறது.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஜெர்மனியின் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டினார். அவர் சோதித்த, அகலத்தில் ஏறத்தாழ 12 சதவீதத் தடிமனுள்ள வட்டமுன்விளிம்பு இறக்கை, 63,000 என்ற ரெனால்ட்ஸ் எண்ணுக்குக் கீழே செயலிழந்தது. நம் மாதிரியும் அதைப் போன்ற இறக்கையைக் கொண்டிருந்தால் உடலருகே பிழைக்கும், நுனியில் பிழைக்காது. தரையிறங்க வேகத்தைக் குறைக்கையில் ஒரு பக்க நுனி முன்னறிவிப்பின்றிச் சாய்வதும், வேகத்தைச் சற்றே கூட்டினாலும் இறக்கை உடனே மீளாததும் இதன் அடையாளங்கள். விலகிய ஓட்டம் மறுபடி ஒட்டுவதற்கு, விலகியபோது இருந்ததைவிட அதிக வேகம் தேவைப்படுவதே பின்னதற்குக் காரணம்.

மெல்லிய வளைந்த தகட்டை இதே அளவில் வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அதன் கூரிய முன்விளிம்பே ஓட்டத்தைக் கலைத்துக் கொந்தளிக்க வைத்துவிடுகிறது, முதுகின் சரிவும் மிதமானது. ஆகவே தடித்த இறக்கை கைவிட்ட வேகத்திலும் அது தூக்குகிறது. மெதுவாக மிதக்கும் சிறு கிளைடருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பேன். ஆனால் மூன்று சதவீதத் தடிமனுக்குள் இறக்கையின் நீளவாக்கில் சுமை தாங்கும் ஸ்பார் என்ற சட்டத்தை உறுதியாக வைக்க முடியாது. வேகமாகப் பறக்க மூக்கைத் தாழ்த்தினாலோ, அடிப்பரப்பில் ஓட்டம் பிரிந்து இழுவை ஏறிவிடும். மோட்டார் பொருத்திய மாதிரிக்கு இந்தக் குறுகிய வரம்பு போதாது. மூலத்தின் தோற்றமும் கெட்டுப்போகிறது.

எனவே நம் மாதிரிக்கு, தடித்த இறக்கையிலும் ஓட்டத்தை முன்கூட்டியே கொந்தளிக்க வைக்கும் நூலையே தேர்ந்தெடுப்பேன், அதுவும் நுனிப்பகுதிகளில் மட்டும். 9 சென்டிமீட்டர் அகலமுள்ள நுனியில், முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலை இறக்கையின் நீளவாக்கில் ஒட்ட வேண்டும். ஓட்டம் பிரியும் இடத்துக்கு முன்பே நூல் இருந்தாக வேண்டும்; பிரிந்த காற்றுக்குள் புதைந்த நூலால் பயனில்லை. மிக மெல்லிய நூல் ஓட்டத்தைக் கலைக்காது, மிகத் தடித்தது இழுவையையே கூட்டும்.

முதலில் இரு நுனிகளிலும் நூலை ஒட்டுநாடாவால் தற்காலிகமாகப் பொருத்தி, போதிய உயரத்தில், மூக்கு ஏறிக்கொண்டிருக்க வேகத்தை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். பிறகு இரண்டையும் கழற்றிவிட்டு அதையே மறுபடி செய்ய வேண்டும். நூலுடன் மூக்கு நேராகத் தாழ்ந்து, நூலில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் குறை காற்றோட்டத்தில்தான் இருந்தது. இரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் நூலை விட்டுவிட்டு, இறக்கையில் முறுக்கு இருக்கிறதா, இரு பக்க எடையும் சமமா என்று பார்க்க வேண்டும்.