இலக்கம் என்னுடையது, நீக்கியது நானில்லை

பண்டாரவளையில் ஒரு பலசரக்குக் கடையில் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டிருந்தார். எங்கள் ஹட்டன் கடையில் இருக்கும் அதே பில் மென்பொருளுக்கு அவருடைய முதலாளி விலை பேசிக்கொண்டிருக்கிறாராம். வாங்கலாமா என்பது கேள்வி. இரண்டு வரியில் பதில் அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் அதை எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் ஆள் நேற்று கண்டியிலிருந்து வந்தார். நாங்கள் மாதக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்த விஷயத்தைப் பார்த்தார். "இது பழுதில்லை அண்ணன், இப்படித்தான் செய்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். பதில் நீண்டது அதனால்தான்.

வேகம், பார்கோட், இருப்புக் கணக்கு எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் வழக்கு முழுவதும் அனுமதிகளைப் பற்றியது. எங்கள் கடையில் காசாளர் 3 வீதம் வரை கழிவு கொடுக்கலாம். ஸ்கேன் செய்த பொருளைப் பில்லிலிருந்து எடுக்க அவருக்கு உரிமையில்லை. நான் 10 வீதம் வரை கழிக்கலாம், பொருளை நீக்கலாம், அன்றைய பில்லை முழுதாக ரத்துச் செய்யலாம். முதலாளிக்கு எல்லை இல்லை. ஆனால் இரவு நாள் கணக்கை முடித்துவிட்டால் முதலாளியும் பழைய பில்லைத் தொட முடியாது. பொருள் திரும்பி வந்தால் அதற்கு வேறாகத் திருப்பிய பில்தான் போட வேண்டும். பழைய பில் அப்படியே நிற்கும். இந்த ஒன்றை யார் யோசித்தாரோ, அவருக்கு நன்றி. ரத்துச் செய்த பில்லின் இலக்கமும் மறைவதில்லை. வரிசையில் ஒரு எண் விடுபட்டால் உடனே தெரியும்.

இனி எரிச்சல். காசாளர் ஒரு பொருளை நீக்கப் போனால் திரையில் Manager Override என்று பெட்டி எழும். நான் போய் என் இரகசிய இலக்கத்தை அடிப்பேன். பொருள் நீங்கும். அத்தோடு என் அனுமதி முடிந்துவிட வேண்டும் அல்லவா? முடிவதில்லை. அந்தப் பில்லுக்குக் காசு வாங்கி மூடும்வரை இயந்திரம் காசாளரை மேற்பார்வையாளராகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் அங்கிருந்து நகர்ந்த பிறகும் அவர் இன்னொரு பொருளை நீக்கலாம், 10 வீதம் கழிக்கலாம். பெட்டி எழாது. பதிவில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் பெயர் விழும்.

தீபாவளிக்கு முந்தைய சம்பள வாரத்தில் இதனால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மாதம் 10ஆம் திகதி தோட்டங்களில் சம்பளம் கொடுத்தால், அடுத்து வரும் நாட்களில் எங்கள் இரண்டு கவுண்டர்களிலும் வரிசை வாசலைத் தாண்டும். மாலை ஐந்தரைக்குப் பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் மீதிக் காசைக்கூட எண்ணாமல் ஓடுவார்கள், பற்றுச்சீட்டை யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி ஒருவருடைய பில் 8,640 ரூபாய். அதில் ஒரு பால்மாப் பக்கற் இரண்டு தடவை ஸ்கேன் ஆகியிருந்தது. விலை 1,100 ரூபாய். இரண்டாவது கவுண்டரில் இருந்த பிள்ளை கூப்பிட்டார். நான் போய் இலக்கம் அடித்தேன், ஒரு பக்கற்றை நீக்கினோம், பில் 7,540 ஆனது. அதற்குள் முதலாவது கவுண்டரில் விலைத் தகராறு, அங்கே போய்விட்டேன். வாடிக்கையாளர் 7,540 ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சாமான் பைகளோடு வெளியேறினார். பில்லை இன்னும் மூடவில்லை. அந்த இடைவெளியில் 1,240 ரூபாய் பெறுமதியான சம்பா அரிசிப் பை ஒன்று பில்லிலிருந்து நீங்கியது. பில் 6,300 ரூபாயில் மூடப்பட்டது. இரவு லாச்சியை எண்ணியபோது கணக்கு ஒரு சதம் பிசகவில்லை. பிசகாது. மிகுதி 1,240 ரூபாய் அதற்கு முன்பே லாச்சியை விட்டுப் போயிருந்தது.

இப்படி எத்தனை பில் நடந்தது என்பது அரிசி இருப்பைக் கையால் எண்ணியபோதுதான் வெளிவந்தது. அதற்கு முன்பே முதலாளியின் தொலைபேசிக்கு இரவுதோறும் போகும் சுருக்க அறிக்கையில் என் பெயரில் நீக்கங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அந்தச் சுருக்கத்தில் எண்ணிக்கையும் அனுமதித்தவர் பெயரும்தான் இருக்கும். முதலாளி நேரில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு நாட்கள் என்னோடு கணக்குப் பேசாமல் இருந்தார். மலையகத்தில் சிறிய ஊர் ஒன்றில் ஒரு கடை முதலாளி மேற்பார்வையாளரோடு கணக்குப் பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

என்னைக் காப்பாற்றியதும் இதே மென்பொருள்தான். அதை மறைக்க மாட்டேன். இதன் விரிவான பதிவில் ஒவ்வொரு விசைக்கும் விநாடி வரை நேரம் இருக்கிறது. இரகசிய இலக்கம் அடித்தது ஒரு தனி வரி, பொருள் நீங்கியது இன்னொரு வரி. முதலாளியின் மகன் அதைத் திறந்து பார்த்தார். அந்தப் பில்லில் இலக்கம் அடித்த வரி ஒன்றுதான், 5.12.40க்கு. நீக்கிய வரிகள் இரண்டு: பால்மா 5.12.48, அரிசி 5.14.31. அரிசிக்கு முன் இலக்கம் அடித்த வரி இல்லை. அதே 5.14இல் முதலாவது கவுண்டரில் என் இலக்கம் விழுந்திருக்கிறது. கமராவைப் பார்க்கும்போது அதன் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தியிருந்ததால் முதலில் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தைச் சரிசெய்து பார்த்ததும், காசு வாங்கி முடிந்த பிறகுதான் விசை அழுத்தப்பட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது. உங்கள் கடையிலும் இப்படிச் சந்தேகம் வந்தால் தேட வேண்டியது இதைத்தான்: அனுமதி ஒன்று, அதன் கீழ் நீக்கங்கள் பல, கடைசி நீக்கத்துக்கும் பில் மூடியதற்கும் இடையில் சில விநாடிகள்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அந்த விரிவான பதிவு முதலாளி உரிமையில் மட்டுமே திறக்கும். என் பெயரில் என்னென்ன அனுமதிகள் போயிருக்கின்றன என்று நானே பார்க்க வழியில்லை. கையெழுத்து என்னுடையது, கணக்குப் புத்தகம் மட்டும் பூட்டிய அலுமாரியில். மாற்ற வேண்டாம், அழிக்க வேண்டாம், பார்க்க மட்டும் விடுங்கள் என்று கேட்டேன். அடுத்த பதிப்பில் வருமாம்.

காரணம் கேட்கும் பெட்டியும் இருக்கிறது. நல்ல யோசனைதான். நீக்கும்போது பிழையாக ஸ்கேன் செய்தது, வாடிக்கையாளர் வேண்டாம் என்றார், விலை வித்தியாசம் என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஆனால் முதல் காரணம் ஏற்கெனவே தெரிவாகி நிற்கிறது, என்டர் தட்டினால் போதும். விளைவு, எங்கள் கடையின் எல்லா நீக்கங்களும் பிழையாக ஸ்கேன் செய்தவை. அறிக்கையைப் படித்தால் ஹட்டனில் ஒருவருக்கும் ஸ்கேனர் பிடிக்கத் தெரியாது என்றுதான் தோன்றும். பட்டியலின் தலையில் வெறும் வரி ஒன்றைப் போட்டு, அதைத் தெரிவு செய்தால் முன்னே போகாதபடி நாங்களே மாற்றிக்கொண்டோம். முதலாளியின் உத்தரவு என்றும் ஒரு காரணம் சேர்த்தோம். அவர் தொலைபேசியில் "நம்ம ஆள் வருவார், பத்து வீதம் கழித்துக் கொடு" என்பார். இலக்கம் அடிப்பது நான். பதிவில் தாராள மனசுக்காரன் நான்தான். இப்போது அந்தக் காரணத்தின் கீழ் மாதக் கடைசியில் வரும் தொகையை முதலாளி கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறார்.

கழிவில் இன்னொரு ஓட்டை. பொருளுக்கு ஒரு கழிவு, முழுப் பில்லுக்கு ஒரு கழிவு என்று இரண்டையும் இயந்திரம் தனித்தனியே அளக்கிறது. 1,000 ரூபாய்ப் பொருளில் 10 வீதம் கழித்தால் 900. பில்லில் மறுபடி 10 வீதம் கழித்தால் 810. என் எல்லை 10 என்று எழுதியிருந்தாலும் போனது 19 வீதம். இதற்கு மட்டும் அமைப்பில் மருந்து இருந்தது. இரண்டையும் கூட்டி எல்லை வைக்கும் ஒரு தெரிவு உள்ளே எங்கோ கிடந்தது. தேடிப் போட்டுவிட்டோம்.

அனுமதி ஒட்டிக்கொண்டிருப்பதற்கு நாங்களே கண்ட வழி ஒன்று உண்டு. நான் அனுமதித்த உடனே Hold அழுத்திப் பில்லை நிறுத்தி, உடனே திருப்பி எடுத்தால், பில் காசாளரின் உரிமையோடு மட்டும் திரும்பி வருகிறது. பத்து விநாடி வேலை. சம்பள நாளில் அந்தப் பத்து விநாடிக்கு வரிசையிலிருந்து வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதோடு, நிறுத்தி வைத்த பில்லை அழிப்பதற்கு இந்த மென்பொருள் யாரையும் கேட்பதில்லை. நீக்கும் உரிமையைக் காசாளரிடமிருந்து எடுத்தாலும், நிறுத்திய பில்லை அழிக்கும் உரிமை உரிமைப் பட்டியலில் வேறு பக்கத்தில், திறந்தபடி இருந்தது. பொருளை ஸ்கேன் செய்து, தொகையைச் சொல்லி, காசை வாங்கி, பில்லை நிறுத்தி, கூட்டம் கலைந்ததும் அழித்துவிட்டால் விற்பனையே நடக்காதது போலிருக்கும். அந்த உரிமையையும் மூடினோம். மூடியதால் இப்போது பால் வாங்க மறந்து வரிசையை விட்டுப் போய்த் திரும்பாதவர்களின் பில்களை இரவில் நான்தான் ஒவ்வொன்றாக அழிக்கிறேன்.

இலக்கத்துக்குப் பதிலாகக் கைரேகைக் கருவி வைக்கலாமே என்று நேற்று வந்தவர் சொன்னார். தோளுக்குப் பின்னால் நின்று இலக்கத்தைப் பார்ப்பவர்களை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் இங்கே மார்கழி, தைக் குளிரில் விரல் வெடித்து, பக்கத்தில் மா மூட்டை அவிழ்க்கும் கையை எந்தக் கருவி அடையாளம் காணும்? மேலும் விரல் வைத்தாலும் அனுமதி பில் மூடும்வரை ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

ஆக, பதிவு அருமை, இருப்புக் கணக்கு அருமை, நாள் கணக்கின் கண்டிப்பு நான் வேலை செய்த எந்தக் கடையிலும் இல்லாதது. இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம். நேற்று அந்த ஆள் வராமல் இருந்திருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ. முதலாளி பிடிவாதமாக இருந்தால் விற்க வருபவரிடம் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். காசாளர் பெயரில் நுழைந்து ஐந்து பொருள் ஸ்கேன் செய்யட்டும். மேற்பார்வையாளர் இலக்கத்தால் ஒன்றை நீக்கட்டும். பில்லை மூடாமல் இரண்டாவது பொருளை நீக்கும் விசையை நீங்களே அழுத்துங்கள். பெட்டி மறுபடி எழுந்தால் விலை பேசலாம்.