கேம் பாஸ் சந்தாவா, சொந்தமாக வாங்குவதா: வாரம் ஐந்து மணி நேரம் ஆடுபவரின் கணக்கு

வேலை, வீடு எல்லாம் போக எனக்கு விளையாடக் கிடைப்பது வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான். மாதத்துக்கு இருபது என்று வையுங்கள். மாதக் கட்டணம் கட்டும்வரை பட்டியலில் உள்ள விளையாட்டுகளை ஆடவிடும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவை, கணினிக்கானதை, சில ஆண்டுகளாக இடைவெளி விட்டு விட்டுப் பயன்படுத்தி வருகிறேன். நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் கிடைக்கின்றன என்ற விளம்பரம் எனக்குப் பொருட்டே இல்லை. எடுக்கும் விளையாட்டை முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

2023இல் வந்த ‘கோகூன்’ ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘ஹை-ஃபை ரஷ்’ பத்துப் பன்னிரண்டு மணி நேரம். தனித்தனியாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 55 டாலர். அப்போது அமெரிக்காவில் சந்தா மாதம் 9.99 டாலர், ஒரே மாதத்தில் இரண்டையும் முடித்துவிடலாம். 2025 அக்டோபரில் கட்டணம் 16.49 டாலராக ஏறிய பிறகும் இப்படிப்பட்ட சிறு விளையாட்டுகளுக்குச் சந்தாவே மலிவு.

‘பெர்சோனா 5 ராயல்’ போன்றவற்றில் கணக்கு தலைகீழ். கதையை முடிக்கவே நூறு மணி நேரம் பிடிக்கும். என் வேகத்தில் ஐந்து மாதம், அதாவது அந்த 16.49 டாலர் கட்டணத்தில் 82 டாலருக்கு மேல் சந்தா. கடை விலையே 60 டாலர்தான்; தள்ளுபடிக் காலத்தில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இடையில் வெளியூர் போய் ஒரு மாதம் தொடாமல் இருந்தாலும், வாங்கிய விளையாட்டு அப்படியே காத்திருக்கும். சந்தா காத்திருக்காது.

விளையாட்டே பட்டியலைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான கேம் பாஸ் பட்டியலுக்கு 2021 ஏப்ரலில் வந்து ஆகஸ்டில் போனது. 2023 ஜூலையில் திரும்பி வந்து 2024 ஜனவரியில் மறுபடியும் போனது. நாளெல்லாம் ஆடுபவருக்கு நான்கு மாதம் தாராளம்; நூறு மணி நேர விளையாட்டாக இருந்தால் என்னைப் போன்றவருக்கு அதற்குள் முடியாது. விலகப்போவதை ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகச் சொல்கிறார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கடையிலேயே சந்தாதாரர் தள்ளுபடியில் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மலிவாக இருக்கிறதே என்று ஸ்டீம் என்ற வேறு இணையக் கடையில் வாங்கினால், சேமித்த ஆட்டம் பெரும்பாலும் அங்கே வராது. முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். சந்தாவில் ஆடும் விளையாட்டுக்குக் கூடுதல் அத்தியாயங்களைக் காசு கொடுத்து வாங்குவதையும் நான் தவிர்க்கிறேன். மூல விளையாட்டு போனபின் அவை உங்கள் கணக்கில் சும்மா கிடக்கும்.

அதனால் இப்போது ஆசைப்பட்ட சிறு விளையாட்டுகள் இரண்டு மூன்று சேரும்வரை பொறுத்திருந்து ஒரு மாதச் சந்தா எடுக்கிறேன். எடுத்த கையோடு தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுவேன். கட்டிய மாதம் முடியும்வரை ஆடத் தடையில்லை. நீளமானவற்றைத் தள்ளுபடியில் வாங்கிவிடுகிறேன்.

முடிவெடுக்கச் சிரமமானவை முப்பது மணி நேர விளையாட்டுகள். ‘கிளேர் அப்ஸ்க்யூர்’ வெளியான அன்றே சந்தாவில் கிடைத்தது. கடை விலை 50 டாலர், எனக்கு வேண்டியதோ இரண்டு மாதச் சந்தா, 16.49 டாலர் கட்டணத்தில் 33 டாலர். அவசரமில்லாதவர் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் அந்த 17 டாலர் வித்தியாசமும் கரைந்துவிடும்.