ஒதுக்கீட்டுக் கடிதத்தை மாற்றி வாங்குவதா, பொறுத்திருந்து பத்திரம் வாங்குவதா?

பங்குனி மாதத்து மதியம், கோட்டையூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மகன் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தான். உள்ளே நான்கு தாள்களும் பின்குத்திய இரண்டு ரசீது நகல்களும் இருந்தன. சென்னையில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு. தேவகோட்டைக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தபடியே முன்பதிவு செய்து வைத்தது, இப்போது கைமாற்றி விடுகிறார். "லெட்டரைப் பேர் மாத்திக் குடுத்துருவாக, அதுக்கு மேல ஒண்ணுமில்லண்ணேன்னு தரகர் சொல்றாரு. நீங்க ஒரு தடவை பாத்துருங்கண்ணே" என்றான். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் ஊரில் இந்த மாதிரித் தாள்கள் என்னிடம் வந்து சேரும்.

கணக்கு இது. வீட்டின் விலை 60 லட்சம். முதலில் எடுத்தவர் இதுவரை கட்டியது 18 லட்சம். விற்பது 66 லட்சத்துக்கு. அதாவது தம்பி அவருக்கு 24 லட்சம் கொடுத்துவிட்டு, மீதி 42 லட்சத்தைக் கட்டுமான நிறுவனத்துக்குத் தவணையாகக் கட்ட வேண்டும். (ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இதற்கு நான்கு வழிகள் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் மட்டும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு, இந்த வீடு உங்களுக்கு என்று நிறுவனம் முன்பு எழுதிக் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பின்பக்கம் அதுவே ஒரு பெயர்மாற்ற முத்திரை குத்தித் தருவது ஒன்று. மூன்று தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் முத்தரப்பு ஒப்பந்தம் இரண்டாவது. பழைய ஒதுக்கீட்டை ரத்து செய்து புதிதாகத் தம்பி பெயரில் ஒதுக்குவது மூன்றாவது. வீடு முடிந்து தேவகோட்டைக்காரர் பெயரில் கிரயம் ஆன பிறகு அவரிடமிருந்து மறுகிரயம் வாங்குவது நான்காவது. தரகர் சொன்னது முதல் வழி. பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

ஏன் எல்லாரும் அந்த வழியில் போகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் இப்போதுள்ள விகிதப்படி, புது அடுக்குமாடி வீட்டின் முதல் கிரயம் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 4.20 லட்சம். மறுகிரயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, மொத்தம் 9 சதவீதம். 66 லட்சத்துக்கு 5.94 லட்சம். பொறுத்திருந்து வாங்கினால் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை தீர்வை. விற்பவரின் 6 லட்ச லாபத்தில் 4.20 போய்விடும், தம்பிக்கும் 1.74 லட்சம் கூடுதல். கடிதத்தை மாற்றினால் தீர்வை ஒரே முறைதான். இந்த ஆசை நியாயமானது, தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சேமிப்புக்கு ஈடாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒதுக்கீட்டுக் கடிதம் சொத்து அல்ல. விற்பனை ஒப்பந்தமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது. கடிதம் அதற்கும் ஒரு படி கீழே. நிறுவனத்தைப் பார்த்து "சொன்னபடி எனக்கு வீட்டைக் கொடு" என்று கேட்கும் பாத்தியதை மட்டும்தான் அதில் இருக்கிறது. அதோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மீதி 42 லட்சத்தைக் கட்டும் கடமை. பாத்தியதையைக் கைமாற்றலாம். கடமையை எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் தலையில் மாற்ற முடியாது, இது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய விதி. ஆகவே நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத எந்த மாற்றமும், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலோடு நின்றுவிடும்.

தம்பி கொண்டுவந்த கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை, பெயர் எழுதக் கோடு, அதன் கீழே விற்பனைப் பிரிவு மேலாளரின் கையெழுத்து. தேதி இல்லை. மாதிரிக்காக இன்னொருவருக்குப் போட்ட கடிதத்தின் நகல் அது. "இப்படித்தான் உங்களுக்கும் போட்டுத் தருவோம்" என்று தரகர் காட்டியிருக்கிறார்.

அந்தத் தேதி இல்லாததுதான் எனக்கு உறுத்தியது. வீடு கட்டி விற்கும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தில் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்ற சொல்லுக்குள் பின்னால் கைமாற்றி வாங்கியவரும் அடக்கம். வீடு தாமதமானால் 18ஆம் பிரிவின்படி பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். ஆனால் வட்டி எந்த நாளிலிருந்து? 2021இல் லாரியேட் பில்டுவெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. கைமாற்றி வாங்கியவர் முதல் ஆளின் இடத்தில் நிற்கிறார், அவருக்கு நிவாரணமே கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, ஆனால் வட்டி மாற்றம் நிறுவனத்துக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் என்றது. தேதியில்லாத முத்திரையை வைத்துக்கொண்டு அந்த நாளை எப்படி நிரூபிப்பது?

அடுத்தது பணம். திட்டம் நின்றுபோனால் நிறுவனம் திருப்பித் தர வேண்டியது தன் கைக்கு வந்ததைத்தான். அந்த 24 லட்சத்தில் நிறுவனத்துக்குப் போனது 18. மீதி 6 லட்சம் தேவகோட்டைக்காரரின் லாபம். அதைக் கேட்டுச் சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டும். பின்னாளில் தம்பி வீட்டை விற்கும்போதும் இதே 6 லட்சம் தலைதூக்கும். நிறுவனம் எழுதித் தரும் கிரயத்தில் 60 லட்சம்தான் இருக்கும். 66 கொடுத்தேன் என்று வருமான வரியில் காட்ட ஒரு தாளாவது வேண்டும். தரகர் அந்த 6 லட்சத்தை ரொக்கமாகக் கேட்டிருந்தார். சொத்து சம்பந்தமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரும். கொடுத்தவருக்கோ கொடுத்ததற்குச் சாட்சியே இல்லை.

இரட்டை விற்பனையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். செட்டிநாட்டில் வளவு வீட்டில் ஒரு பங்கு வாங்கினாலும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். ஒதுக்கீட்டுக் கடிதம் வில்லங்கத்தில் வராது. பதிவாகாத தாள் எப்படி வரும்? ஒருவர் அதே கடிதத்தின் வண்ண நகலை இரண்டு பேரிடம் கொடுத்து முன்பணம் வாங்கினால், நிறுவனத்தின் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது தெரியாது. வங்கியில் இருந்தபோது இப்படி ஒரு கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. சென்னைக்கு ஒரு போன் போட்டதில், அந்த வீடு நான்கு மாதம் முன்பே வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. விண்ணப்பித்தவர் ஆசிரியர், ஏற்கெனவே 5 லட்சம் கொடுத்துவிட்டிருந்தார்.

இன்னொரு விஷயம் தம்பியின் தாள்களிலேயே இருந்தது. ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. இந்த வீட்டுக்கு 6 லட்சம்தான் எல்லை. வாங்கியிருப்பதோ 18, அதாவது 30 சதவீதம். அப்படியென்றால் ஒன்று, பதிவான ஒப்பந்தம் எங்கோ இருக்கிறது, அதை நமக்குக் காட்டவில்லை. அல்லது நிறுவனம் சட்டத்தை மீறியிருக்கிறது. கடிதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் நிலை உண்மையில் அந்த முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்க முடியும். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் கடிதத்தின் பின்பக்க முத்திரை போதாது. நிலத்தின் பிரிபடாத பங்கு ஏற்கெனவே கிரயமாகியிருந்தால் சுத்தமாகப் போதாது, அந்தப் பங்குக்குப் பதிவு செய்த கிரயமே வேண்டும். திட்டம் இருக்கும் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் இது தெரிந்துவிடும். நாங்கள் போட்டோம். ஒன்றும் பதிவாகவில்லை. நிறுவனம்தான் மீறியிருந்தது.

சிலர் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு நீண்ட பதில் வேண்டாம். 2011இல் சூரஜ் லேம்ப் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பவரால் உரிமை மாறாது என்று சொல்லிவிட்டது. கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவரும் அதோடு போய்விடும்.

ரத்து செய்து புதிதாக ஒதுக்கும் வழி தாள் அளவில் சுத்தமானது. தம்பிக்கும் நிறுவனத்துக்கும் நேரடி ஒப்பந்தம், இடையில் யாரும் இல்லை. நிறுவனங்களுக்கும் இது பிடிக்கும், காரணம் நமக்குப் பிடிக்கக்கூடாதது. புது ஒப்பந்தத்தில் வீட்டை ஒப்படைக்கும் தேதியும் புதிதாக எழுதப்படும், பழைய தாமதம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். விலையும் அன்றைய விலை ஆகலாம். விற்பவரின் 6 லட்சமோ எந்தத் தாளிலும் ஏறாது. அதனால்தான் இதைத் தம்பிக்கு நான் சொல்லவில்லை.

முத்தரப்பு ஒப்பந்தத்தைத்தான் சொன்னேன். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாவிட்டால் எல்லாம் குப்பை என்பதில்லை. ஒப்பந்தப்படி எழுதித்தரச் சொல்லும் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2023இல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வழக்குப் போட உதவும் தாள் வேறு, வழக்கே வராமல் காக்கும் தாள் வேறு. பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும், இரண்டாவது ஆளுக்கு மறைத்து விற்க முடியாது, தேதியும் தானாக நிலைத்துவிடும்.

நிறுவனம் முதலில் இழுத்தது. "எங்க வழக்கத்துல இல்லை" என்றார்கள். 13ஆம் பிரிவை எழுதி மின்னஞ்சல் அனுப்பிய பிறகு சட்டப்பிரிவிலிருந்து ஆள் பேசினார். மூன்று வாரம் ஆனது. பெயர்மாற்றக் கட்டணம் சதுர அடிக்கு 100 ரூபாய், 1,100 சதுர அடிக்கு 1.10 லட்சம். தம்பிக்கு மனசு வலித்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான் கணக்குச் சுருக்கம் கைக்கு வந்தது. தேவகோட்டைக்காரர் 6 லட்ச ரூபாய்த் தவணை ஒன்றை இரண்டு மாதமாகக் கட்டவில்லை, பதினோராயிரம் சொச்சம் வட்டி ஏறியிருந்தது, ரத்து நோட்டீஸ் அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். முத்திரை மட்டும் வாங்கியிருந்தால் 24 லட்சத்தைக் கொடுத்த மறுவாரம் அந்த நோட்டீஸ் வந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களை எழுதச் சொன்னேன்: நிறுவனம் பெற்றது 18 லட்சம், விற்பவர் பெறுவது 24 லட்சம் என்று இரண்டும் தனித்தனியாக, பழைய ஒப்படைப்புத் தேதியே தம்பிக்கும் பொருந்தும், பதிவு நாள் வரையிலான வட்டி விற்பவர் பொறுப்பு, அவர் இதன்மேல் வங்கிக்கடன் எதுவும் வாங்கவில்லை. கடிதத்தில் அவர் மனைவி பெயரும் சேர்ந்திருந்ததால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றேன். அவர்கள் வெளிநாட்டில் வசிப்பதால், உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கும்போது பிடிக்கும் 1 சதவீத வரிக்கணக்கு இங்கே பொருந்தாது. வரி பிடிப்பதற்கு ஆடிட்டரைப் பார்த்த பிறகுதான் பணம் போனது, அதுவும் முழுக்க வங்கி வழியாக.

கணவனும் மனைவியும் சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது சென்னைக்குப் போய்ப் பதிந்தார்கள். அசல் கடிதத்தையும் ரசீதுகளையும் பதிவு அலுவலகத்திலேயே வாங்கிக்கொள் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். ஒரு ரசீது மட்டும் நகலாக இருந்தது. அசல் தேவகோட்டை வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றார்கள். அது வந்து சேரும்வரை கடைசி 2 லட்சத்தைத் தம்பி கொடுக்கவில்லை.